அடித்துத் திருத்திய பில்லில் எந்தத் தொகையை எழுதுவது?



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தா என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்று விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்தது பில். சென்ற கோடை விடுமுறையில் பெரம்பலூரில் ஒரு கட்டுமானப் பொருள் கடையில் பில்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்த்தேன். நான் சிவில் மூன்றாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் ஊரில் யார் வீட்டுக்கு என்ன சீட்டு வந்தாலும் என்னிடம்தான் வரும். ரேஷன் சீட்டு, கரண்ட் பில், உரக்கடை சீட்டு, எல்லாம். அதில் பாதி அடித்துத் திருத்தியதாக இருக்கும்.

அடித்துத் திருத்திய தொகையைப் பார்த்தால் எந்த எண்ணைக் கணக்கில் எழுதுவது? சின்ன விஷயம்தானே என்று நானும் நினைத்தேன். எது தெளிவாகத் தெரிகிறதோ அதை எழுதிவிட வேண்டியதுதான் என்று. அப்படி எழுதி மாட்டிக்கொண்டதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கடையில் நான் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு சிமெண்ட் கொள்முதல் பில் வந்தது. கையால் எழுதிய பில். எண்ணிக்கைக் கட்டத்தில் நூற்றுச் சொச்சம் மூட்டை. நடு எண் மட்டும் நாலைந்து தடவை பேனா ஓடி, 0வா 2ஆ என்று தெரியாமல் கறுத்திருந்தது. விலை மூட்டைக்கு ரூ.270, வரி தனி. தொகைக் கட்டத்தில் 32,400 என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு போட்டு, மேலே 27,000 என்று எழுதியிருந்தது. அடியில் மொத்தம் 38,232 அடிக்கப்பட்டு 31,860 ஆகியிருந்தது. பக்கத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ கிடையாது. ஆனால் நடுவில் இருந்த இரண்டு வரி வரிசைகளை மட்டும் யாரும் தொடவில்லை. மத்திய ஜி.எஸ்.டி. 2,916, மாநில ஜி.எஸ்.டி. 2,916.

எனக்கு ஒரே சந்தோஷம். கணக்குப் போட்டேன். சிமெண்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 28 சதத்திலிருந்து 18 சதமாகக் குறைந்துவிட்டது. அதாவது ஒன்பதும் ஒன்பதும். 2,916ஐ 9ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 32,400. அதை 270ஆல் வகுத்தால் 120. ஆக, மறைந்துபோன எண் 120. கூட்டினால் 38,232. வரியைத் திருத்த மறந்துவிட்டார்கள், அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்து, 120 மூட்டை, ரூ.38,232 என்று ஏற்றிவிட்டேன்.

கடையில் கணக்கு எழுதுகிறவர் வயதானவர். எல்லாரும் அவரைக் கணக்கையா என்பார்கள். சாயங்காலம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதுல 120னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கணக்கு சரி. முதல்ல எழுதுனது 120தான். அதைத்தான் நீ கண்டுபிடிச்சிருக்க. நமக்கு வந்தது எத்தனைன்னு கண்டுபிடிச்சியா?"

அப்போதுதான் உறைத்தது. குடோன் ஏட்டை எடுத்துப் பார்த்தோம். அந்தத் தேதியில் 100 மூட்டைதான் இறங்கியிருந்தது, இறக்கியவர் கையெழுத்தோடு. 120 என்று பில் போட்டபின், வண்டியில் அவ்வளவு ஏற்ற முடியாமல் 20 மூட்டையை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். எழுதியவர் அவசரத்தில் எண்ணிக்கையையும் தொகையையும் மொத்தத்தையும் திருத்திவிட்டு, நடுவில் வரியை விட்டுவிட்டார். நான் எதைப் பெரிய சாட்சி என்று நினைத்தேனோ அது ஒரு மறதி.

இதில் கற்றுக்கொண்டதை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். திருத்திய பில்லை வைத்துக்கொண்டு நாம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறோம். முதலில் என்ன எழுதியிருந்தது என்பது ஒன்று. உண்மையில் என்ன நடந்தது என்பது இன்னொன்று. பெருக்கல், கூட்டல், வரி எல்லாம் முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும். இரண்டாவதுக்குப் பதில் அந்தக் காகிதத்தில் பெரும்பாலும் இருக்காது. அது குடோன் ஏட்டில், எடைச் சீட்டில், டெலிவரி சலானில், கைமாறிய ரொக்கத்தில் இருக்கும். காகிதத்துக்குள்ளேயே தேடினால் எழுதினவர் மனசு தெரியும், மூட்டை தெரியாது.

சரி, அந்தப் பில்லை எப்படி எழுதினோம்? இருப்புக் கணக்கில் 100 மூட்டை. பணம் கொடுக்க வேண்டியது ரூ.31,860. ஆனால் அந்தக் காகிதம் பில்லாகச் செல்லாது என்றார் கணக்கையா. 27,000த்துக்கு வரி தலா 2,430 இருக்க வேண்டும். இதில் 2,916 இருக்கிறது. விற்றவர் தன் மாதக் கணக்கில் எதை ஏற்றுவார் என்று நமக்குத் தெரியாது. அவர் ஏற்றியது அடுத்த மாதம் 14ஆம் தேதிவாக்கில் நம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் வந்துவிடும். வந்தது. பயந்தபடியே 38,232 என்றுதான் ஏற்றியிருந்தார்கள். உடனே போன் போட்டு 20 மூட்டைக்கு வரவுக் குறிப்பு கேட்டு வாங்கினார்: பொருள் மதிப்பு 5,400, வரி 486ம் 486ம், ஆக 6,372. 38,232இல் 6,372 போனால் 31,860. பைசா பிசகாமல் ஒத்துப்போனது. இதை விட்டிருந்தால், வராத 20 மூட்டைக்கும் சேர்த்து உள்ளீட்டு வரி வரவு எடுத்தவர்களாகியிருப்போம். சரக்கு கைக்கு வராமல் அந்த வரவை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

அதன்பிறகு கணக்கையா ஓய்வாக இருக்கும்போதெல்லாம் பழைய பில் கட்டுகளைப் பிரித்து எனக்குக் காட்டுவார். கோடு போட்டு அடிப்பதும், மேலேயே எழுதுவதும் ஒன்று இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது எண்ணை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட்டிருந்தால் அது ஒழுங்கான திருத்தம். பழைய எண்ணும் தெரிகிறது, புது எண்ணும் தெரிகிறது, யார் பொறுப்பு என்பதும் தெரிகிறது. அந்தப் புது எண்ணை எழுதலாம், பொருளோடு ஒத்துப்போனால். எண்ணின் மேலேயே இன்னொரு எண்ணை எழுதினால் பழையது செத்துவிடுகிறது. 1 என்பது 4 ஆகும், 7 ஆகும். 3 என்பது 8 ஆகும். 0 என்பது 6, 8, 9 எது வேண்டுமானாலும் ஆகும். 5 என்பது 6 ஆகும். கவனித்தீர்களா, கோடு சேர்க்கலாம், எடுக்க முடியாது. 4ஐ 1 ஆக்க யாராலும் ஆகாது. ஆகவே கறுத்துப்போன இடத்தில் 8 தெரிந்தால், முதலில் இருந்தது 0 அல்லது 3 என்று ஊகிக்க வழி இருக்கிறது.

பில்லைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பால்பாயிண்ட் பேனா அழுத்தி எழுதினால் பின்பக்கம் மேடு தட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எந்த எண்ணில் இரண்டு தடவை பேனா ஓடியிருக்கிறது என்று விரலுக்கே தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி கார்பன் நகல். திருத்தம் நகலிலும் கார்பன் எழுத்தாகவே விழுந்திருந்தால், சீட்டைப் புத்தகத்திலிருந்து கிழிப்பதற்கு முன்பே திருத்தியது. மேல் தாளில் மட்டும் திருத்தம் இருந்து, நகல் சுத்தமாக இருந்தால், கிழித்தபிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் திருத்தம் இருந்து, நகலில் மட்டும் அது நேரடிப் பேனா மையாக இருந்தால், கிழித்தபிறகு இரண்டையும் தனித்தனியே திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

இதைக் கேட்டபோது, கடைக்குத்தான் உதவும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கே உதவியது.

எங்களுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. பெரம்பலூர்ப் பக்கம் எல்லாரையும்போல நாங்களும் மக்காச்சோளம்தான். அறுத்து, மெஷினில் அடித்து, டிராக்டர் டிரெய்லரில் கொட்டி, அப்பா ஒரு வியாபாரியிடம் கொண்டுபோய்ப் போட்டார். போகும் வழியில் அரியலூர் ரோட்டில் எடை மேடையில் எடை போட்டார்கள். அந்த ரோட்டில் எடை மேடைக்குக் குறைச்சல் இல்லை. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கும். அப்பா சாயங்காலம் வந்து பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சீட்டை என்னிடம் நீட்டினார். "பாப்பா, இதை நோட்டுல எழுதிடு."

சீட்டில் 3,620 கிலோ என்பதில் 6இன் மேல் 5 எழுதி 3,520 ஆக்கியிருந்தது. (கோடு எடுக்க முடியாது என்று மேலே சொன்னேன்; ஆனாலும் சிலர் முரட்டுத்தனமாக எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் பழைய எண் அடியில் தெரியத்தான் செய்யும்.) விலை கிலோ ரூ.22.50. தொகை 81,450 அடித்து 79,200. கையெழுத்து இல்லை.

முதலில் பெருக்கிப் பார்த்தேன். 3,620ஐ 22.50ஆல் பெருக்கினால் 81,450. 3,520ஐப் பெருக்கினால் 79,200. இரண்டும் சரி! சிமெண்ட் பில்லில் மறந்துபோன வரி ஒன்று இருந்தது. இதில் மறதியே இல்லை. திருத்தியவர் எல்லா இடத்திலும் திருத்தியிருந்தார். ஆக, பெருக்கல் இங்கே ஒரு உதவியும் செய்யாது.

எண்களை இடம் மாற்றி எழுதிய பிழையோ என்று பார்த்தேன். கணக்கெழுதுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. 3,620ஐ 3,260 என்று மாற்றி எழுதினால் வித்தியாசம் 360. அப்படி இடம் மாறிய பிழையில் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும். இங்கே வித்தியாசம் சரியாக 100. 9ஆல் வகுபடாது. இப்படி முழு நூறாக ஒரு எண் குறைந்தால், அது கைதவறுதலாக இருக்க வாய்ப்புக் குறைவு. யாரோ முடிவு செய்து கழித்திருக்கிறார்கள்.

"எடை மேடைச் சீட்டு எங்கப்பா?"

சட்டைப் பையில் இருந்தது, வியர்வையில் நனைந்து. அச்சடித்த சீட்டு: லோடு எடை 6,820, காலி வண்டி எடை 3,200, நிகரம் 3,620. இதில் பேனா படவில்லை.

"கழிவு ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. எண்ணிக் குடுத்தாங்க, வாங்கிட்டு வந்தேன். ஏன், கொறையுதா?"

குறைகிறது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உரக்கடை பாக்கி, டிராக்டர் வாடகை எல்லாம் அந்தப் பணத்தில்தான் போக வேண்டும்; அதிலும் ரூ.2,250 என்பது என் ஒரு பருவத்துப் பஸ் செலவுக்குப் பக்கத்தில் வரும். அவன் ஏமாற்றிவிட்டான் என்று கத்தலாம் போல இருந்தது. ஆனால் சிமெண்ட் பில் ஞாபகம் வந்தது. தெளிவாகத் தெரிகிறதே என்று முடிவு கட்டி ஒருமுறை தப்பாக எழுதியவள் நான்.

அன்று ராத்திரி நோட்டில் இப்படி எழுதினேன். விற்பனை 3,620 கிலோ, ரூ.81,450. ரொக்க வரவு ரூ.79,200. வியாபாரி பெயரில் அனாமத்து ரூ.2,250. ரொக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றி எழுதக் கூடாது. எந்த எண் நியாயம் என்பது வேறு. அன்று கைக்கு வந்தது 79,200. அதை 81,450 என்று எழுதினால் பெட்டியில் இல்லாத பணம் நோட்டில் இருக்கும். மாறாக 79,200தான் விற்பனை என்று எழுதிவிட்டால், கேட்கவேண்டிய 2,250 நோட்டிலிருந்தே மறைந்துவிடும். நாமே விட்டுக்கொடுத்ததாக ஆகும். முடிவு தெரியும்வரை வித்தியாசம் உட்கார ஒரு இடம் வேண்டும். அதற்குத்தான் அனாமத்துக் கணக்கு. கணக்கையா கடையில் டாலியில் இதற்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தார். ஆனால் மாதக் கடைசியில் அதில் ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது என்பார். அனாமத்தில் போட்டுவிட்டு மறப்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

மறுநாள் காலை அப்பாவோடு போனேன். அப்பாவுக்கு விருப்பமே இல்லை. "நாளைக்கும் அவங்ககிட்டதான் போடணும் பாப்பா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அதுவும் நியாயம்தான்.

அங்கே எழுதுகிறவரிடம், "அண்ணே, இந்தச் சீட்டோட நகலைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றேன். முறைத்தார். ஆனால் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். நகலில் மற்ற எழுத்தெல்லாம் மங்கலான கார்பன் எழுத்து. 3,520 மட்டும் பளிச்சென்று நீல மை. எழுதிக் கிழித்தபிறகு இரண்டு தாளிலும் தனித்தனியாகப் பேனாவால் திருத்தியது. ஆக, கடைக்குத் தெரியாமல் யாரோ இடையில் அமுக்கிய பணம் இல்லை இது. கடையே கழித்தது. நல்லவேளை, ஏமாற்று என்று வாயைத் திறக்கவில்லை.

"கொட்டும்போது முதலாளி கையில அள்ளிப் பார்த்தாரு. ஈரம் இருக்கு, நூறு கிலோ கழின்னாரு. கழிச்சேன். பெரியவருகிட்ட சொன்னேனே?"

"சொல்லல தம்பி" என்றார் அப்பா, மெதுவாக.

ஈரக் கழிவு என்பது வியாபாரத்தில் உள்ளதுதான், பொய்யில்லை. மக்காச்சோளத்தில் ஈரம் 14 சதம் வரை ஒத்துக்கொள்வார்கள். அதற்குமேல் இருந்தால் காயக்காய எடை குறையும், வாங்குகிறவருக்கு நஷ்டம். எவ்வளவு கழிக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஈரம் போக மிச்சமுள்ள உலர்பொருள் மாறாது என்று வைத்துக்கொண்டு போட வேண்டும். ஈரம் 15 சதம் என்றால் உலர்பொருள் 85 சதம். 14 சதத்தில் 86 சதம். ஆகவே 3,620ஐ 85ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 3,578 கிலோ. கழிவு 42 கிலோ. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 100 கிலோ கழிக்க வேண்டுமானால் ஈரம் 16.4 சதம் இருந்திருக்க வேண்டும். கையால் அள்ளிப் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்வது கஷ்டம்.

எங்கள் குவியல் தார்ப்பாயின் மேல் தனியாகவே கிடந்தது, இன்னும் மூட்டை பிடிக்கவில்லை. முதலாளியிடம் ஈரமானி இருந்தது. கேட்டதும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். எந்தக் காலேஜ் என்று கேட்டார். பிறகு வைத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று இடத்தில் வைத்தோம். 15ஐ ஒட்டியே காட்டியது. "சரி, நாப்பது கழிச்சுக்க" என்றார். புதுச் சீட்டு எழுதினார்கள்: எடை 3,620, ஈரக் கழிவு 40, நிகரம் 3,580, தொகை 80,550. மிச்சம் ரூ.1,350 கொடுத்தார்கள். இரண்டு கிலோ நமக்குச் சாதகம்தான், அதை நான் கேட்கவில்லை.

வீட்டு நோட்டில் அனாமத்து 2,250இல் 1,350 ரொக்கமாக வந்தது, 900 ஈரக் கழிவு என்று எழுதி முடித்தேன். அந்த வரிசை தீர்ந்தது. கழிவை எடையின் மேலேயே எழுதாமல் முதல் நாளே தனி வரியாக எழுதியிருந்தால், நாங்கள் அங்கே போயிருக்கவே வேண்டாம். எடை என்பது தராசு சொன்னது. கழிவு என்பது ஆள் சொன்னது. இரண்டையும் ஒரே எண்ணில் குழைத்தால் பிறகு பிரிக்க முடியாது.

இங்கே நண்பர்கள் சிலர் கேட்கலாம்: எழுத்தால் எழுதிய தொகைதானே செல்லும், எண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று. அது காசோலைக்கும் கடன்பத்திரத்துக்கும் உள்ள விதி. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு, எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தால் எழுதிய தொகையே தொகை என்கிறது. எழுத்தைத் திருத்துவது கஷ்டம் என்பதால்தான் அப்படி. ஆனால் அது இரண்டும் சுத்தமாக இருந்து ஒன்றுக்கொன்று மாறுபடும்போது உதவுகிற விதி. தொகையையே திருத்தியிருந்தால் கதை வேறு. அது முக்கியமான மாற்றம். அதற்குச் சம்மதிக்காதவர்மேல் அந்த ஆவணம் செல்லாது என்கிறது 87ஆம் பிரிவு. காசோலையின் படத்தை மட்டும் அனுப்பிப் பணம் தீர்க்கும் முறையில், தேதியைச் செல்லுபடியாக்குவது தவிர வேறு எந்தத் திருத்தமும் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010 டிசம்பர் முதல் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்டுத் திருத்தினாலும் பயனில்லை, புதுக் காசோலைதான். கடைக்காரர் கொடுக்கும் சாதாரணப் பில்லுக்கு 18ஆம் பிரிவு பொருந்தாது. எழுத்தால் எழுதியிருந்தால் அது நல்ல சாட்சி, அவ்வளவுதான்.

இடைவெளி விட்டு எழுதுவதும் திருத்த இடம் கொடுப்பதுதான். லண்டனில் மெக்மில்லன் அண்ட் ஆர்தர் என்ற கம்பெனியில் ஒரு குமாஸ்தா, சில்லறைச் செலவுக்கு என்று 2 பவுண்டுக்குக் காசோலை எழுதி, முதலாளி வெளியே கிளம்பும் அவசரத்தில் நீட்டினான். எழுத்தால் எழுதும் இடம் காலி. எண்ணுக்கு இருபுறமும் இடம். முதலாளி கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 0 சேர்த்து, எழுத்திலும் நிரப்பி, 120 பவுண்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். 1918இல் பிரபுக்கள் சபை, நஷ்டம் வங்கிக்கு இல்லை, இடம் விட்டுக் கையெழுத்துப் போட்ட கம்பெனிக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னது. இதில் அடித்தலும் இல்லை, திருத்தலும் இல்லை. பார்க்க அழகான காசோலை. நம்மூர்ப் பில்களில் தொகைக்கு முன்னால் "ரூ." என்று ஒட்டி எழுதி, பின்னால் "/-" போடுவது அந்த இரண்டு இடத்தையும் அடைக்கத்தான்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நாம் அளவுப் புத்தகம் எழுதப் போகிறவர்கள். எம்-புக்கில் அழிப்பான் கூடாது, மேலெழுதக் கூடாது. தப்பானால் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, தேதியுடன் சுருக்கொப்பம் இட வேண்டும். லேபில் நாம் எல்லாரும் 3ஐ 8 ஆக்கி ரெக்கார்டு எழுதுகிறோம், உண்மைதானே? டெண்டரில் இன்னும் சுவாரஸ்யமான விதி உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறையின் டெண்டர் நிபந்தனையில், ஒப்பந்தக்காரர் எழுதிய வீதம் எண்ணில் ஒன்றும் எழுத்தில் ஒன்றுமாக இருந்தால், உடனே எழுத்துக்குப் போவதில்லை. அவர் பெருக்கி எழுதிய தொகை எந்த வீதத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த வீதம் முதலில். தொகை எழுதாமலோ இரண்டோடும் ஒட்டாமலோ இருந்தால்தான் எழுத்தில் உள்ள வீதம். எண்ணும் எழுத்தும் ஒத்திருந்து பெருக்கல் மட்டும் தப்பு என்றால் வீதம் நிற்கும், தொகை மாறும். உதாரணமாக, எண்ணில் 450, எழுத்தில் நானூற்று ஐந்து, அளவு 10, தொகை 4,500 என்றால் வீதம் 450தான். டெண்டரில் கேட்பது அவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது. அதற்குப் பெருக்கல் போதும். சிமெண்ட் பில்லில் கேட்பது என்ன இறங்கியது என்பது, அதற்குப் போதாது. நான் முதல் நாள் செய்த தப்பு, டெண்டர் விதியைக் குடோனுக்குப் போட்டதுதான்.

கடைசி வாரம் கணக்கையா ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். திருத்தமுள்ள எந்தப் பில்லை ஏற்றினாலும் விவரக் கட்டத்தில் மூன்றையும் எழுதிவிட வேண்டும்: முதலில் இருந்த தொகை, திருத்திய தொகை, நாம் ஏற்றியது எதைப் பார்த்து. "பில்லில் 38,232 அடித்து 31,860, ஒப்பம் இல்லை, குடோன் ஏடு 100 மூட்டை பார்த்து 31,860 ஏற்றியது" என்பதுபோல. முதலில் இருந்தது படிக்கவே முடியவில்லை என்றால் "படிக்க இயலவில்லை" என்றே எழுத வேண்டும், ஊகத்தை எண்ணாக எழுதக் கூடாது. பில்லின் மேல் நாம் பேனா வைக்கவே கூடாது. அடிக்குறிப்பு வேண்டுமானால் தனித் தாளில் எழுதிக் குத்த வேண்டும். நாமும் ஒரு திருத்தம் செய்துவிட்டால், அடுத்து வருகிறவருக்கு மூன்று கையெழுத்தைப் பிரிக்கும் வேலை.

அப்பா இந்த வருஷமும் அதே வியாபாரியிடம்தான் போட்டார். வரும்போது எடை மேடைச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். வியாபாரிச் சீட்டில் ஈரக் கழிவு 25 கிலோ என்று தனி வரியில் இருந்தது. அதன் பக்கத்தில் 2 என்பதை அடித்து மறுபடி 2 என்றே எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்கள். "சரியா தெரியலன்னேன், திரும்ப எழுதச் சொன்னேன்" என்றார்.